களி கிண்டும்போது ஒரு நிலத்தகராறு: திரைக்கதையைத் தாளில் எழுதும் முறை

திரைக்கதை எழுத ஆசைப்படும் பலர் முதலில் என்னிடம் காட்டுவது சிறுகதை மாதிரிதான் இருக்கும். படிக்க நன்றாகவே இருக்கும், ஆனால் அதை வைத்துக்கொண்டு ஷூட்டிங் போக முடியாது. திரைக்கதைத் தாளைப் படிப்பவர் கதை கேட்க உட்கார்ந்தவர் இல்லை. கேமராமேன் எந்த நேரத்து வெளிச்சம் என்று பார்ப்பார், ஆர்ட் ஆள் என்னென்ன சாமான் வேண்டும் என்று பார்ப்பார், உதவி இயக்குநர் எந்த நாள் எந்த வீட்டில் எடுக்கலாம் என்று பார்ப்பார், நடிப்பவர் தன் வசனம் எங்கே என்று தேடுவார். இந்த நாலு பேரும் ஒரே தாளில் அவரவர்க்கு வேண்டியதைச் சட்டென்று கண்டுபிடிக்கத்தான் இந்த வடிவமே.

விதிகளை வரிசையாகச் சொன்னால் மனதில் நிற்காது என்பதால் ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். கிருஷ்ணகிரி மாவட்டம், காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு கிராமம். அக்கா செல்வி ஊரிலேயே இருக்கிறாள். தம்பி மாதேஷ் ஓசூரில் கம்பெனி வேலை. அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார். ஒரு ஏக்கர் இருபது சென்ட் மாந்தோப்பு இருக்கிறது, தம்பி விற்கச் சொல்கிறான், அக்காவுக்கு மனமில்லை. ராத்திரி, சமையலறை, அக்கா களி கிண்டிக்கொண்டிருக்கிறாள்.

பழகாத கை இதை இப்படித்தான் எழுதும்:

"இரவு நேரம். செல்வி களி கிண்டிக்கொண்டிருந்தாள். அப்பா போனதிலிருந்து அவளுக்கு அந்தத் தோப்பின் மேல் தனிப் பாசம். மாதேஷ் கடனில் சிக்கித் தவிப்பதால் நிலத்தை விற்றே ஆகவேண்டும் என்ற முடிவோடு வந்திருந்தான். இருவருக்கும் வாக்குவாதம் முற்றியது. செல்வியின் மனம் உடைந்தது."

இதில் கேமரா எடுக்கக்கூடியது முதல் இரண்டு வாக்கியம் மட்டும்தான். 'தனிப் பாசம்' என்பதை எந்த லென்ஸ் போட்டு எடுப்பது? 'வாக்குவாதம் முற்றியது' என்றால் யார் என்ன சொன்னார்கள்? நடிகர் வந்து நின்றதும் கேட்பார், அப்போது பதில் இருக்காது.

முதலில் காட்சித் தலைப்பு

ஒவ்வொரு காட்சியும் ஒரு தலைப்பு வரியோடு தொடங்கும். அதில் மூன்று தகவல், இதே வரிசையில்: உள்ளா வெளியா, எந்த இடம், பகலா இரவா.

உள். செல்வி வீடு, சமையலறை - இரவு

அவ்வளவுதான். "ஒரு அமைதியான கிராமத்து வீட்டின் புகை படிந்த சமையலறை" என்றெல்லாம் தலைப்பில் எழுத வேண்டாம், அது அடுத்த வரிக்குப் போகவேண்டியது.

உள், வெளி என்று பிரிப்பது வெளிச்சத்துக்காகவும் சத்தத்துக்காகவும். பகல், இரவு என்பதும் அப்படியே. 'மாலை 6.40' என்று எழுதினால் அது பார்ப்பவருக்குத் தெரியப்போவதில்லை, நேரம் தெரிந்தே ஆகவேண்டும் என்றால் சுவரில் ஒரு கடிகாரம் மாட்டுங்கள்.

இடத்தின் பெயரில் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். என் முதல் குறும்படத்தில் ஒரே அறையை ஒரு காட்சியில் 'சமையலறை' என்றும், இன்னொன்றில் 'அடுப்படி' என்றும், மூன்றாவதில் 'கிச்சன்' என்றும் எழுதியிருந்தேன். எழுதும்போது அது தப்பாகவே படவில்லை, ஒரே சொல் திரும்பத் திரும்ப வரக்கூடாது என்று பள்ளிக்கூடத்தில் கட்டுரைக்குச் சொல்லிக்கொடுத்தது கையில் ஒட்டியிருந்தது. ஷெட்யூல் போட்டவர் தலைப்புகளை மட்டும் தனியாக எடுத்து இடவாரியாகப் பிரித்தபோது மூன்று இடமாகப் பிரிந்துவிட்டது. ஒரே ராத்திரியில் எடுத்திருக்க வேண்டியதற்கு இரண்டு தடவை விளக்குகளை ஏற்றி இறக்கினோம். அன்றிலிருந்து நான் முதல் காட்சியில் வைத்த பெயரை எழுத்து மாறாமல் கடைசிவரை எழுதுகிறேன். நீங்களும் எழுதத் தொடங்கும்முன் இடங்களின் பெயரை ஒரு துண்டுத்தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது செயல் வரி

தலைப்புக்குக் கீழே, கண்ணில் படுவதும் காதில் விழுவதும் மட்டும், நிகழ்காலத்தில். 'கிண்டிக்கொண்டிருந்தாள்' இல்லை, 'கிண்டுகிறாள்'. படம் எப்போதும் இப்போது நடப்பதுதான்.

இங்கே ஒரு கேள்வி: அக்கா என்ன செய்துகொண்டு சண்டை போடுகிறாள்? பலர் 'சமைத்துக்கொண்டிருக்கிறாள்' என்று போட்டுவிட்டு நேராக வசனத்துக்குப் போய்விடுவார்கள். அப்புறம் இருவரும் எதிரெதிரே நின்று பேசிக்கொண்டே இருப்பார்கள், வானொலி நாடகம் மாதிரி. நான் களியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. உலையில் கொட்டிய கேழ்வரகு மாவு வெந்ததும் பானையை இறக்கிக் கிண்ட ஆரம்பித்தால் பாதியில் விட முடியாது, விட்டால் கட்டி கட்டியாகிவிடும். பானை ஆடாமல் இருக்க ஒருவர் பிடித்துக்கொண்டால் துடுப்பால் கிண்டுகிறவருக்கு வசதி. எங்கள் பக்கத்து வீடுகளில் சின்னப் பிள்ளைகளை 'சட்டியப் பிடி' என்று கூப்பிடுவது தினமும் நடப்பது. ஆக, சண்டை போட வந்த தம்பி அக்காவின் பானையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே ஆகவேண்டும். எழுந்து போக முடியாது, அவளாலும் கையை எடுக்க முடியாது. இப்போது செயல் வரிகளில் எழுத ஏதோ இருக்கிறது.

ஆளை முதன்முதலாகக் காட்டும்போது பெயர், வயது, பார்த்தால் தெரியும் ஒரே ஒரு விஷயம். 'மாதேஷ் (32), கம்பெனி யூனிஃபார்ம் சட்டை, கையில் மஞ்சள் பை.' அவன் கடன்காரன் என்பதை இங்கே எழுத வேண்டாம். சட்டை சொல்லும் சேதியே போதும்: டூட்டி முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக பஸ் ஏறி வந்திருக்கிறான்.

ஒரு பத்திக்கு மூன்று வரி, மிஞ்சினால் நாலு. கேமரா வேறொன்றைப் பார்க்கவேண்டும் என்று நினைத்தால் அங்கே பத்தியை உடையுங்கள். 'துடுப்பு நிற்கிறது' என்பதைத் தனி வரியாகப் போட்டாலே படிப்பவர் மனதில் அது குளோசப்பாக விழும், 'குளோசப்' என்று எழுத வேண்டிய தேவையே இல்லை. முதல் வரைவில் கேமரா கட்டளைகள் எதையும் போடாமல் எழுதிப் பழகுவது நல்லது என்பது என் கருத்து, ஏனென்றால் அவை வந்துவிட்டால் நாம் காட்சியை யோசிப்பதை நிறுத்திவிட்டு ஷாட்டை யோசிக்க ஆரம்பித்துவிடுவோம்.

பெயரும் வசனமும்

பேசுகிறவர் பெயர் தனி வரியில், அதற்கு நேர் கீழே வசனம். ஆங்கிலத்தில் பெயரைப் பெரிய எழுத்தில் அடிப்பார்கள், தமிழில் பெரிய எழுத்து சின்ன எழுத்து கிடையாது. அதனால் தடித்த எழுத்தில் போடுங்கள், தாளின் நடுப்பக்கமாகத் தள்ளி வையுங்கள். அளவு வேண்டுமென்றால், தாளின் இடது விளிம்பிலிருந்து செயல் வரி 1.5 அங்குலத்தில், வசனம் 2.5 அங்குலத்தில், பெயர் 3.7 அங்குலத்தில் தொடங்குவது உலகம் முழுக்கப் பழக்கத்தில் உள்ள கணக்கு. மற்ற மூன்று பக்கமும் சுமார் ஒரு அங்குலம் விடவேண்டும். இடது பக்கம் அரை அங்குலம் கூடுதலாக விடுவது துளை போட்டுக் கட்டுவதற்காக.

தமிழ் சினிமாவில் தாளை நெடுக்காக இரண்டாகப் பிரித்து இடப்பக்கம் செயல், வலப்பக்கம் வசனம் என்று எழுதும் பழைய முறையும் உண்டு. உங்கள் இயக்குநர் அப்படிக் கேட்டால் அப்படிக் கொடுங்கள், உள்ளே எழுதும் விதி ஒன்றேதான்.

செயல் வரியை எழுத்துத் தமிழில் எழுதுங்கள், வசனத்தை அந்த ஆள் பேசும் பேச்சில் எழுதுங்கள். எங்கள் பக்கம் 'வர்றேன்' என்பது பலர் வாயில் 'வர்றன்' என்றுதான் வரும், 'ஆகிறது' என்பது 'ஆவுது'. அப்படியே எழுதலாம். ஆனால் ஒவ்வொரு சொல்லையும் திரித்து எழுதினால் நடிப்பவர் எழுத்துக்கூட்டிப் படிக்கவேண்டி வரும், அதனால் வாக்கியத்துக்கு ஒன்றிரண்டு சொல் போதும். கிருஷ்ணகிரி வீடுகளில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள் நிறைய. அம்மா தெலுங்கில் பேசுவாள் என்றால் பெயருக்குக் கீழே அடைப்புக்குறியில் 'தெலுங்கில்' என்று போட்டுவிட்டு வசனத்தைத் தமிழிலேயே எழுதலாம்.

அந்த அடைப்புக்குறியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. புதியவர்கள் ஒவ்வொரு வசனத்துக்கும் (கோபமாக), (வருத்தத்துடன்), (ஏளனமாக) என்று போட்டுக்கொண்டே போவார்கள். வசனமே கோபத்தைச் சொன்னால் அது தேவையில்லை, சொல்லவில்லை என்றால் மாற்றவேண்டியது வசனத்தை. யாரிடம் பேசுகிறார், எவ்வளவு சத்தமாகப் பேசுகிறார் என்பது வசனத்தில் தெரியாத இடத்தில் மட்டும் போடுங்கள். கீழே வரும் காட்சியில் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது.

கண்ணுக்குத் தெரியாத ஆளின் குரலுக்கு இரண்டு வகை. அதே வீட்டில், அதே நேரத்தில், கேமராவுக்குப் படாத இடத்திலிருந்து பேசினால் பெயருக்குப் பக்கத்தில் 'வெளியிலிருந்து' என்று குறிப்போம். கதை சொல்லும் குரலோ நினைவில் கேட்கும் குரலோ என்றால் 'பின்னணிக் குரல்'. இரண்டும் வேறு வேறு வேலை: நம் காட்சியில் அம்மா பேசுவது முதல் வகை, அதற்கு அந்த நடிகை அன்றைக்கு லொகேஷனில் இருந்தால் நல்லது, பானையைப் பிடித்திருப்பவன் திரும்பிப் பார்க்க ஒரு குரல் வேண்டும். இரண்டாவதைப் பிறகு ஸ்டுடியோவில் தனியாகப் பதிவு செய்துகொள்ளலாம்.

இப்போது முழுக் காட்சி

உள். செல்வி வீடு, சமையலறை - இரவு

விறகடுப்பு. செல்வி (38) கொதிக்கும் களிப்பானையை இறக்கித் தரையில் வைக்கிறாள். பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணம், மூன்று தட்டு.

மாதேஷ் (32), கம்பெனி யூனிஃபார்ம் சட்டை, கையில் மஞ்சள் பை, நிலைப்படியில் நிற்கிறான்.

செல்வி
சட்டியப் பிடி.

மாதேஷ் பையை மாவு டப்பா மேல் வைக்கிறான். ஒரு பழந்துணியை எடுத்துப் பானையை இரண்டு பக்கமும் பிடித்தபடி உட்கார்கிறான். செல்வி இரண்டு கையாலும் துடுப்பைப் பிடித்துக் கிண்டுகிறாள்.

மாதேஷ்
புரோக்கர் நாளைக்கு வர்றாராம்க்கா. அட்வான்ஸ் கையோட.

செல்வி
இறுக்கிப் பிடி. ஆடுது.

மாதேஷ்
வருஷத்துக்கு ரெண்டு வண்டி மாங்காய். அதுக்கும் மண்டிக்காரன் வெச்சதுதான் வெலை.

செல்வி
அவன் வெலையக் கொறச்சான்னு நெலத்த வித்துருவியா?

மாதேஷ்
பின்ன? தெனம் போயி நீ தண்ணி பாச்சறியா, நான் பாச்சறனா?

துடுப்பு நிற்கிறது.

செல்வி
நான் பாச்சறன்.

மாதேஷ் தலை குனிகிறான். செல்வி மறுபடியும் கிண்டுகிறாள், முன்னைவிட வேகமாக.

அம்மா (வெளியிலிருந்து)
களி ஆயிருச்சாடி?

செல்வி
(உரக்க)
ஆவுதும்மா!

மாதேஷின் சட்டைப்பையில் போன் அடிக்கிறது. ஒரு கையை விட்டு எடுத்துப் பார்க்கிறான். திரையில் 'புரோக்கர்'.

பானை சரிகிறது. செல்வி வெறுங்கையால் தாங்கிப் பிடிக்கிறாள்.

போன் அடித்து ஓய்கிறது.

மாதேஷ்
கையக் காட்டுக்கா.

செல்வி காட்டவில்லை. கையைத் தண்ணீர்க் கிண்ணத்தில் முக்குகிறாள். அதே ஈரக்கையால் களியை எடுத்து உருட்டித் தட்டில் வைக்கிறாள். ஒன்று. இரண்டு.

மாதேஷ்
உன் கையெழுத்து இல்லாம ரிஜிஸ்டர் ஆவாதுக்கா.

செல்வி
தெரியும்.

மூன்றாவது உருண்டை. அந்தத் தட்டை அவன் பக்கம் தள்ளுகிறாள்.

செல்வி
அம்மாவுக்குக் குடுத்துட்டு வா.

இதை முதலில் எழுதியிருந்த பத்தியோடு வைத்துப் பாருங்கள். 'தனிப் பாசம்' இப்போது 'நான் பாச்சறன்' என்ற ஒரே வரியாகியிருக்கிறது. தினமும் தோப்புக்குப் போய்த் தண்ணீர் விடுகிறவள் அவள்தான், தம்பிக்கு அது தெரியாது அல்லது மறந்துவிட்டது. 'மனம் உடைந்தது' என்பதற்குப் பதில் சுட்ட கையைக் காட்டாமல் தண்ணீரில் முக்குகிறாள்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று, இருவருக்கும் தெரிந்த எதையும் அவர்கள் ஒருவருக்கொருவர் விளக்கவில்லை. 'அப்பா உயில் எழுதாமல் இறந்ததால் அம்மாவுக்கும் உனக்கும் எனக்கும் சம பங்கு' என்று எந்தத் தம்பியும் அக்காவிடம் சொல்லமாட்டான். ஆனால் எழுதுகிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உயில் இல்லாமல் இறந்தவரின் சொத்தில் மனைவி, மகள், மகன் மூவரும் முதல் வகுப்பு வாரிசுகள், முழு நிலத்தையும் கிரயம் செய்ய மூவர் கையெழுத்தும் வேண்டும். இது தெரியாமல் எழுதினால் தம்பி ஏன் களிப்பானையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்பதற்கே காரணம் இருக்காது, அவன் பாட்டுக்கு விற்றுவிட்டுப் போயிருப்பான். சட்டம் முழுவதும் 'உன் கையெழுத்து இல்லாம' என்ற ஒரு வசனத்துக்குள் அடங்கிவிட்டது, மூன்றாவது தட்டு யாருக்குப் போகிறது என்பதிலும் கொஞ்சம் இருக்கிறது. நிலக்கதை எழுதுகிறவர்கள் தாலுகா ஆபீஸ் பக்கம் போய் நாலு பேர் பேசுவதைக் கேட்டுவிட்டு வாருங்கள், பட்டா, வில்லங்கம், மூலப்பத்திரம் எல்லாம் எந்த வாக்கியத்தில் எப்படி வருகின்றன என்று அங்கேதான் தெரியும்.

ஆர்ட் ஆள் இந்தத் தாளிலிருந்து எடுக்கும் பட்டியலும் தெளிவாக இருக்கிறது: விறகடுப்பு, களிப்பானை, துடுப்பு, தண்ணீர்க் கிண்ணம், மூன்று தட்டு, மாவு டப்பா, மஞ்சள் பை, பழந்துணி, போன். செயல் வரியில் ஒரு பொருளை எழுதினால் யாரோ அதை வாங்கிக்கொண்டு வருவார்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுங்கள். நான் இதே காட்சியின் முந்தைய வரைவில் 'அலமாரியில் அப்பாவின் பழைய டார்ச் லைட்' என்று எழுதி, பிறகு அதை யாரும் தொடவே இல்லை என்பதைப் பார்த்து அடித்துவிட்டேன்.

கம்ப்யூட்டரில் அடிக்கும்போது

மார்ஜினை எல்லாம் கையால் தள்ளிக்கொண்டிருக்க வேண்டாம். ஃபவுண்டன் என்று ஒரு எளிய எழுத்து முறை இருக்கிறது. 2012-இல் திரைக்கதையாசிரியர் ஜான் ஆகஸ்ட், ஸ்டூ மாஷ்விட்ஸ் முதலானவர்கள் சேர்ந்து வெளியிட்டது. சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் அடித்தால் போதும், அந்த முறையைப் புரிந்துகொள்ளும் மென்பொருள் தானே மார்ஜின் போட்டு பிடிஎஃப் ஆக்கித் தரும். மேக்கில் `Beat` இலவசமாகக் கிடைக்கிறது, மற்றவர்கள் விஎஸ் கோட் என்ற எடிட்டரில் `Better Fountain` என்ற இணைப்பைப் போட்டுக்கொள்ளலாம்.

தமிழில் அடிக்கிறவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஃபவுண்டன் பேசுகிறவர் பெயரைப் பெரிய எழுத்தை வைத்துத்தான் அடையாளம் காணும், தலைப்பை `INT.` அல்லது `EXT.` என்று தொடங்குவதை வைத்துக் காணும். தமிழில் இரண்டுமே இல்லை, அதனால் நீங்கள் அடித்த அருமையான வசனம் முழுக்க செயல் வரியாக இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். இதற்கு வழி அந்த முறைக்குள்ளேயே இருக்கிறது. தலைப்புக்கு முன்னால் ஒரு புள்ளி, பெயருக்கு முன்னால் `@`:

```
.உள். செல்வி வீடு, சமையலறை - இரவு

துடுப்பு நிற்கிறது.

@செல்வி
நான் பாச்சறன்.

@அம்மா (வெளியிலிருந்து)
களி ஆயிருச்சாடி?

@செல்வி
(உரக்க)
ஆவுதும்மா!
```

புள்ளிக்கும் `@` குறிக்கும் அப்புறம் இடைவெளி விடாதீர்கள். அச்சில் இந்தக் குறிகள் வராது. பெயருக்கு மேலே ஒரு வெற்று வரி இருக்கவேண்டும், பெயருக்கும் வசனத்துக்கும் நடுவில் வெற்று வரி இருக்கவே கூடாது. இருந்தால் வசனம் பெயரிலிருந்து பிரிந்து செயல் வரியாகிவிடும். சில மென்பொருளில் இதற்கு நேர்மாறான கோளாறும் வரலாம்: தமிழ்ச் செயல் வரியைப் பெயர் என்று நினைத்து நடுவில் தள்ளிவிடும். அப்படித் தெரிந்தால் அந்த வரிக்கு முன்னால் `!` போட்டால் சரியாகிவிடும். ஒரு காட்சியை அடித்து முடித்ததும் முன்னோட்டத்தைப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள், நூறு பக்கம் அடித்தபிறகு இதைத் தேடித் திருத்துவது பெரிய வேலை.

எழுத்துரு யூனிகோடாக இருக்கட்டும். பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்திருந்தால் இந்த மென்பொருள்களில் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும், முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளவேண்டும்.

ஒரு பக்கம் ஒரு நிமிடமா?

ஒரு பக்கம் திரைக்கதை ஒரு நிமிடப் படம் என்று எல்லோரும் சொல்வார்கள். அது 12 புள்ளி கூரியர் எழுத்துருவுக்கு வந்த கணக்கு, எல்லா எழுத்தும் ஒரே அகலம், அங்குலத்துக்குப் பத்து. கூரியரில் தமிழ் கிடையாது, தமிழ் எழுத்துருக்களில் 'ர' ஒரு அகலம், 'ணௌ' ஒரு அகலம். ஆங்கிலத்திலும்கூட அது சராசரிதான். அதனால் தமிழில் பக்கத்தை எண்ணி நேரம் போடுவதை நான் நம்புவதில்லை.

போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு வாய்விட்டுப் படியுங்கள். வசனம் மட்டும் படித்தால் இந்தக் காட்சி ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. செயல் வரி வரும் இடங்களில் நிறுத்தி, நிஜமாகவே ஒரு பாத்திரத்தை வைத்துக் கரண்டியால் கிண்டி, மூன்று உருண்டை உருட்டுகிற மாதிரி கையை அசைத்துப் பார்த்தபோது எனக்கு இரண்டரை நிமிடம் வந்தது. கூடுதலான அந்த நேரம் முழுக்க பேச்சில்லாத இடங்களில் இருக்கிறது. இதைச் செய்து பார்க்கும்போது இன்னொரு தப்பும் தானாக வெளியே வரும்: கை இரண்டும் துடுப்பில் இருக்கும்போது அக்கா முந்தானையால் முகத்தைத் துடைக்கிறாள் என்று ஒரு வரைவில் எழுதியிருந்தேன், நடித்துப் பார்த்தபோதுதான் மூன்றாவது கை வேண்டும் என்று புரிந்தது.

காட்சி எண்களை இந்தக் கட்டத்தில் போடாதீர்கள். வரைவு முடிவாகி ஷெட்யூல் போடும்போது எண் கொடுத்தால் போதும். கொடுத்தபிறகு நடுவில் புதுக் காட்சி நுழைந்தால் 12-க்கும் 13-க்கும் நடுவில் 12ஏ என்று வைக்கவேண்டும், எல்லா எண்ணையும் மாற்றினால் ஆளுக்கொரு தாளை வைத்துக்கொண்டு குழம்புவார்கள்.

இப்போது மாதேஷ் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போகிறான். அம்மா திண்ணையில் இருக்கிறாள். கேமரா அவன் கூடவே போகவேண்டும் என்றால், கதையில் ஒரு விநாடிகூட இடைவெளி இல்லாவிட்டாலும் புதுத் தலைப்பு போட்டே ஆகவேண்டும், இடம் மாறிவிட்டது. திண்ணை உள்ளா வெளியா என்று கேட்பார்கள். கூரை இருக்கிறது, ஆனால் வெளிச்சம் தெருவிளக்கிலிருந்து வருகிறது, சத்தமும் தெருவிலிருந்து வருகிறது, அதனால் நான் வெளி என்றுதான் போடுவேன். நேரத்துக்குப் பக்கத்தில் 'தொடர்ச்சி' என்று சேர்த்தால், அவன் கையிலிருக்கும் தட்டில் களி இன்னும் ஆவி பறக்கவேண்டும் என்பது உதவி இயக்குநருக்குப் புரிந்துவிடும்.

```
.வெளி. செல்வி வீடு, திண்ணை - இரவு - தொடர்ச்சி

மாதேஷ் தட்டோடு வருகிறான். மஞ்சள் பை அவன் கையில் இல்லை.
```